பிஎச்.டி வைவாவுக்கு லீவு: தேதி வந்தபிறகு கேட்டால் தாமதம்! நீலகிரியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஐந்தாறு வருஷம் வேலையும் பார்த்து, ராத்திரி உட்கார்ந்து ஆய்வேட்டையும் எழுதி முடித்தாச்சு. பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தும் ஆச்சு. கடைசியாக மிச்சம் இருப்பது வைவா எனப்படும் பொது வாய்மொழித் தேர்வு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், அந்த ஒரு நாளுக்கு லீவு வாங்குவதில்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், தேயிலை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலர் பகுதி நேர பிஎச்.டி செய்கிறார்கள். இவர்களில் கணிசமானவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் கோவை மருதமலை சாலையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகம்தான். சிலருக்கு வைவா மலையிலேயே, ஆய்வு மையமாக உள்ள கல்லூரியில் நடக்கும். சிலர் கீழே இறங்க வேண்டும். இவர்கள் லீவை எப்போது, எப்படி, எத்தனை நாள் கேட்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

என்.ஓ.சி கொடுத்திருக்காங்களே, அது போதாதா?

போதாது. பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

பிஎச்.டி படிப்புக்கான யுஜிசி விதிமுறைகள் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பகுதி நேரமாகச் சேருபவர் தான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி கொண்டுவர வேண்டும் என்று அவை சொல்கின்றன. அந்தச் சான்றில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். ஒன்று, இவர் பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு. இரண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய வேலை இடம் கொடுக்கும். மூன்று, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்க இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

மூன்றாவதைக் கவனியுங்கள். விடுவிப்பதாகச் சொல்வது கோர்ஸ் வொர்க்குக்கு மட்டும்தான். வைவாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதனால் 'என்.ஓ.சி இருக்கு, அன்னைக்கு விட்டுத்தான் ஆகணும்' என்று அலுவலகத்தில் வாதாட முடியாது. அந்தச் சான்று, நீங்கள் படிப்பது நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கான ஆதாரம். அன்றைய நாளுக்கு லீவு தனியாகத்தான் வாங்க வேண்டும்.

என்.ஓ.சி கொடுத்த மேலாளரோ தலைமை ஆசிரியரோ இப்போது மாறியிருக்கலாம். புதிதாக வந்தவருக்கு உங்கள் பிஎச்.டி பற்றி எதுவுமே தெரியாமல் இருக்கலாம். ஆகவே அந்தப் பழைய சான்றின் நகலை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

எந்த லீவு எடுப்பது?

வைவாவுக்கென்று தனியாக ஒரு லீவு வகை கிடையாது. கையில் இருக்கும் லீவில்தான் எடுக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு ஊழியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு காலண்டர் ஆண்டில் 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 8 நாள். ஒன்றிரண்டு நாள் வேலைக்கு இதுவே சரியான வகை. இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தற்செயல் விடுப்பு டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்குச் சேராது. தவிர, தற்செயல் விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் ஒட்டி ஒட்டி எடுக்க முடியாது. வைவா அன்று சி.எல் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஈ.எல் என்று எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும். இரண்டு நாளுக்கு மேல் தேவை என்று முன்பே தெரிந்தால் மொத்தத்தையும் ஒரே வகையில் கேட்பது நல்லது.

தனியார் கடைகள், நிறுவன அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். நியாயமான காரணத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்க அது வழி செய்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சட்டம் வேறு. அங்கே பணி நியமனக் கடிதத்திலும் நிறுவனத்தின் லீவு விதிகளிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

'ஓ.டி கேட்கலாமா?' என்பது அடுத்த கேள்வி. உங்கள் ஆய்வுக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். ஓ.டி வேண்டும் என்று எழுதிய கடிதம் மேலிடத்துக்குப் போய்வருவதற்குள் வைவா தேதியே கடந்துவிடலாம். 'ஓ.டி-யாகக் கருத வேண்டுகிறேன். இயலாதபட்சத்தில் தற்செயல் விடுப்பாக அனுமதிக்கவும்' என்று ஒரே கடிதத்தில் எழுதிவிட்டால் இரண்டில் ஒன்று நிச்சயம்.

தேதி எப்படி முடிவாகிறது?

லீவை எப்போது கேட்பது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் அது பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு தேர்வாளர்களுக்குப் போகும். இருவரும் ஏற்கலாம் என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் வைவா. அதில் உங்கள் நெறியாளரும், அந்த வெளித் தேர்வாளர்களில் ஒருவராவதும் இருக்க வேண்டும். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது யுஜிசி விதி.

அறிக்கைகள் வந்ததும் நெறியாளர் தேர்வாளரிடம் பேசி, இருவருக்கும் தோதான நாளைப் பார்ப்பார். பிறகு பல்கலைக்கழகம் ஒப்புதல் தரும். பொது வைவா என்பதால் மற்ற பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சுற்றறிக்கை போகும். அந்தச் சுற்றறிக்கை உங்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் நாள் நெருங்கியிருக்கும். தேர்வாளர் வேறு ஊரிலிருந்து டிக்கெட் போட்டிருப்பார். அந்த நேரத்தில் 'அன்னைக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கலை சார்' என்று நெறியாளரிடம் சொன்னால் அவருக்கும் தர்மசங்கடம்.

ஆனால், அறிக்கைகள் வந்த நாளுக்கும் தேதி முடிவாகும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அப்போது தேதியை முடிவு செய்பவர் உங்கள் நெறியாளர். அவரிடம் நீங்கள் பேசலாம். அலுவலகத்திலும் பேசலாம். லீவு கேட்க வேண்டிய நேரம் அந்த இடைவெளிதான்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு

இந்த ஆறு மாதக் கெடுவை நீலகிரியின் காலண்டரில் வைத்துப் பாருங்கள். மே, ஜூனில் சமர்ப்பித்தால் வைவா அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வரும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தாலே அரை நாள் போய்விடும். சரி, நவம்பரில் சமர்ப்பித்தால்? வைவா ஏப்ரல், மே மாதத்தில் வந்து நிற்கும். அது சீசன். சுற்றுலா வண்டிகளுக்காக மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு வரும். வழக்கமான பயண நேரத்தை நம்ப முடியாது.

எனவே கோவையில் காலை 10.30 மணிக்கு வைவா என்றால், அன்று அதிகாலை பஸ் ஏறிப் போய்விடலாம் என்று திட்டம் போடக் கூடாது. ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். சாதாரண நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூடலூர்க்காரர்கள் ஊட்டி வரவே இன்னும் 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் வர வேண்டும். முந்தைய நாளே இறங்கிவிடுவதுதான் பாதுகாப்பு. ஆகவே லீவு ஒரு நாள் இல்லை, இரண்டு நாள். முடிந்தால் முந்தைய நாள் அரை நாள், வைவா அன்று முழு நாள்.

வைவா ஊட்டியிலேயே நடந்தால் நிலைமை தலைகீழ். மலை ஏறி வர வேண்டியவர் தேர்வாளர். அவர் வழியில் மாட்டிக்கொண்டால் காலையில் தொடங்க வேண்டியது மதியம் தொடங்கும். அதனால் உள்ளூரில்தானே என்று அரை நாள் லீவு மட்டும் போடாதீர்கள். முழு நாள் எடுங்கள்.

ஆன்லைனில் வைவா நடத்தவும் யுஜிசி விதிகள் இடம் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு அனுமதித்தாலும் லீவு தேவைதான். அலுவலக இருக்கையிலிருந்தே முடித்துவிடலாம் என்று நினைத்தால், நடுவில் யாராவது ஃபைலோடு வந்து நிற்பார்கள். மழை நாளில் கரன்ட்டும் நெட்வொர்க்கும் போகும். நெறியாளர் இருக்கும் துறைக்கே போய் அங்கிருந்து பேசுவது நல்லது.

ஓர் உதாரணம்: கோத்தகிரியிலிருந்து கோவைக்கு

புரிந்துகொள்ள வசதியாக ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்க்கலாம். கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். வணிகவியலில் பகுதி நேர பிஎச்.டி. மே மாதக் கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அக்டோபர் இரண்டாம் வாரம், இரண்டு அறிக்கைகளும் சாதகமாக வந்துவிட்டதாக நெறியாளர் போன் செய்கிறார்.

தேதி இன்னும் முடிவாகவில்லை. அவர் அன்றே தன் வேலை நாட்களைக் கணக்குப் போடுகிறார். சிறு விவசாயிகளுக்குப் பச்சைத் தேயிலைக்கான பணம் மாதா மாதம் போக வேண்டும். மாதத்தின் முதல் பத்து நாள் அந்தக் கணக்கில் போய்விடும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல். ஆக, அவரை விட முடியும் என்றால் அது மாத நடுவில்தான். மறுநாள் மேலாளரைப் பார்க்கிறார்.

"சார், பிஎச்.டி வைவா வரப்போகுது. நவம்பர் நடுவுல இருக்கும். ரெண்டு நாள் லீவு வேணும்."

"எந்தத் தேதிம்மா?"

"இன்னும் முடிவாகலை சார். 12-ல இருந்து 20-க்குள்ள இருந்தா நம்ம பேமென்ட் வேலை பாதிக்காது. உங்களுக்குச் சரின்னா, அதையே கைடுகிட்ட சொல்லிடுறேன்."

கேட்ட விதத்தைக் கவனியுங்கள். தேதியைக் கொண்டுவந்து நீட்டாமல், தேதி முடிவாகும் முன்பே மேலாளரின் சம்மதத்தை வாங்கிவிட்டார். பிறகு நெறியாளரிடம் 12, 13, 19 என மூன்று நாட்களைச் சொல்கிறார். ஒரே ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் அது தேர்வாளருக்கு ஒத்துவராமல் போயிருக்கலாம். மூன்று சொன்னதால் 19, புதன்கிழமை அமைகிறது. பல்கலைக்கழகக் கடிதம் வந்த அன்றே, அதன் நகலை இணைத்து விண்ணப்பத்தைக் கொடுக்கிறார்.

அந்தக் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

*ஐயா,*

*நான் பகுதி நேரமாக மேற்கொண்டுவரும் முனைவர் பட்ட ஆய்வுக்கான பொது வாய்மொழித் தேர்வு, நவம்பர் 19, புதன்கிழமை காலை 10.30 மணிக்குக் கோவையில் நடைபெற உள்ளது. இதற்கான பல்கலைக்கழகக் கடிதத்தின் நகலையும், ஆய்வு மேற்கொள்ள நமது நிறுவனம் வழங்கிய தடையில்லாச் சான்றின் நகலையும் இணைத்துள்ளேன்.*

*மழைக்காலம் என்பதால் முந்தைய நாள் மதியமே கோவை செல்ல வேண்டியுள்ளது. எனவே 18-ம் தேதி பிற்பகல் அரை நாளும், 19-ம் தேதி முழு நாளும் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்நாட்களில் எனது பணிகளை உடன் பணிபுரிபவர் கவனித்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார். அவரது கையொப்பம் கீழே உள்ளது. தேர்வு வேறு தேதிக்கு மாற்றப்பட்டால் உடனே தெரிவித்து, இந்த விடுப்பை ரத்து செய்துகொள்கிறேன்.*

ஆய்வின் தலைப்பு, அதற்காகப் பட்ட கஷ்டம், குடும்பச் சூழ்நிலை எதுவும் இதில் இல்லை. லீவு தருபவருக்குத் தெரிய வேண்டியது நான்குதான்: என்ன நிகழ்வு, எப்போது, ஆதாரம் என்ன, அன்று வேலையை யார் பார்ப்பது. 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதுவதும் சரியில்லை. அவசர வேலை வந்தால் முதலில் ரத்தாவது அப்படி எழுதிய லீவுதான். பல்கலைக்கழகக் கடிதம் இணைத்த லீவை ரத்து செய்ய யாரும் யோசிப்பார்கள்.

தேதி தள்ளிப்போனால்?

நம் உதாரணத்திலேயே 17-ம் தேதி கனமழை, தேர்வாளரால் வர இயலவில்லை, வைவா டிசம்பர் 3-க்குத் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். பலரும் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். 'லீவு சாங்ஷன் ஆயிடுச்சே, வீட்ல இருந்து தயாராகலாம்' என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே காரணத்துக்கு லீவு கேட்கும்போது, 'போன மாசமே வைவான்னு சொல்லித்தானே எடுத்தீங்க?' என்ற கேள்வி வரும்.

சரியான வழி, தகவல் வந்த அன்றே லீவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, 18, 19 தேதிகளில் வேலைக்குப் போய்விடுவது. லீவும் கணக்கில் மிஞ்சும், அடுத்த முறை கேட்கும்போது பேச்சும் எடுபடும். டிசம்பர் வரை தள்ளிப்போக வாய்ப்புள்ளவர்கள் செப்டம்பரிலிருந்தே இரண்டு சி.எல்-ஐத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். தீபாவளி, ஊர்த் திருவிழா என்று எல்லாவற்றையும் கரைத்துவிட்டு டிசம்பரில் சம்பளம் இல்லாத விடுப்பில் வைவாவுக்குப் போனவர்கள் உண்டு.

அனுமதியே வாங்காமல் படித்திருந்தால்?

இந்தச் சிக்கல் அரசு ஊழியர்களுக்குத்தான் பெரியது. உயர் படிப்புக்குத் துறையின் முன் அனுமதி வாங்க வேண்டும். சிலர் வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டுச் சேர்ந்திருப்பார்கள். சிலர் அனுமதிக் கடிதம் கொடுத்து, ஆணை வராமலேயே விட்டிருப்பார்கள். வைவாவுக்கு லீவு கேட்கும் நாளில்தான் 'நீங்க பிஎச்.டி பண்றதுக்கு அனுமதி எங்கே?' என்ற கேள்வி எழும்.

இதற்குப் பயந்து, உடம்பு சரியில்லை என்று மருத்துவ விடுப்பு போடுவது ஆபத்தான வழி. வைவா ரகசியமாக நடப்பதில்லை. சுற்றறிக்கை போகும், போட்டோ வரும், வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்து வரும். நாளை பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் பதியச் சொல்லும்போது, வைவா தேதியும் மருத்துவ விடுப்புத் தேதியும் ஒன்றாக இருப்பது கண்ணில் படும். அனுமதி இல்லாமல் படித்தது ஒரு குறை. பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்தது அதைவிடப் பெரிய குறையாகிவிடும்.

அதற்குப் பதிலாக, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த உடனேயே, வைவாவுக்குப் பல மாதம் இருக்கும்போதே, பின்னேற்பு அனுமதி கேட்டு முறையாக எழுதிவிடுங்கள். சேர்ந்த தேதி, படித்தது அலுவலக நேரத்துக்கு வெளியே என்ற விவரம், பல்கலைக்கழகப் பதிவு ஆணையின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் லீவுக் கடிதம் போகும்போது, இந்த விஷயம் அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

வைவா முடிந்த மறுநாள்

மறுநாள் லீவு தேவையா என்று கேட்டால், பொதுவாகத் தேவையில்லை. வைவா முடிந்ததும் குழுவின் அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போகும். அதன் பிறகுதான் தற்காலிகச் சான்றிதழ். தேர்வாளர் திருத்தம் சொல்லியிருந்தால் அதை முடித்து, இறுதிப் பிரதியைக் கொடுக்க ஒரு முறை நேரில் போக வேண்டியிருக்கலாம். அந்த அரை நாளைத்தான் பலரும் கணக்கில் வைப்பதில்லை. வைவாவுக்கு ஒதுக்கிய லீவோடு இதையும் சேர்த்து, மொத்தம் இரண்டரை நாள் என்று வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் இன்னொரு முறை போய் நிற்க வேண்டாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று, வைவா நடந்ததற்கான ஆதாரமாக நெறியாளரிடம் ஒரு வருகைச் சான்று வாங்கி லீவு விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். ஓ.டி கேட்டிருந்தவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். மற்றவர்களுக்கும், பின்னாளில் பட்டத்தைப் பதிவு செய்யும்போது அந்த ஒரு தாள் பதில் சொல்லும்.